எடைப்பிரிவுக்காகச் சுருங்கும் உணவுத்தட்டு: பதின்பருவ வீராங்கனைகளின் உடலில் நிகழ்வது என்ன, பெற்றோர் எப்படி அணுகுவது?

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 7 அன்று காலை, மகளிர் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முந்தைய எடை பரிசோதனையில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். முதல் நாள் காலையில் அவர் எடை வரம்புக்குள் இருந்தார். அன்று மூன்று ஆட்டங்களில் வென்று, உணவும் நீரும் எடுத்துக்கொண்ட பின்னர் எடை 2.7 கிலோ ஏறியிருந்தது. இரவு முழுவதும் வியர்க்கச் செய்தும், தலைமுடியை வெட்டியும் அது முழுமையாகக் குறையவில்லை. மேல்முறையீட்டை விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஆகஸ்ட் 14 அன்று தள்ளுபடி செய்தது.

அதன்பின் நாடெங்கும் நடைபெற்ற விவாதம் பெரும்பாலும் விதியைப் பற்றியும் பதக்கத்தைப் பற்றியுமே இருந்தது. வினேஷ் அப்போது 29 வயது நிரம்பியவர். மருத்துவர், உணவியல் வல்லுநர் உள்ளிட்ட குழு அவருடன் இருந்தது. அதே எடைக்குறைப்பு முறையை 13, 14 வயதுச் சிறுமிகள் எந்த மேற்பார்வையும் இன்றித் தாமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அந்த விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை. மூத்த வீராங்கனைகளைப் பார்த்தும், பயிற்சியாளரின் ஒரு சொல்லைக் கேட்டும், கைப்பேசியில் ஓடும் காணொளிகளைக் கண்டும் இந்தப் பழக்கம் தொடங்குகிறது.

வளர்ந்த பெண்ணின் உடல் எடைக்கும் வளரும் சிறுமியின் உடல் எடைக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. முன்னவருக்கு இயல்பான எடை என ஒன்று ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. பின்னவருக்கு அது ஆண்டுதோறும் மாறவேண்டிய ஒன்று. சர்வதேச மல்யுத்தத்தில் 17 வயதுக்குட்பட்ட மகளிருக்கான கீழ்நிலைப் பிரிவுகளில் 43, 46, 49 கிலோ என மூன்று கிலோ இடைவெளிகளே உள்ளன. பருவமடையும் காலத்தில் வேகமாக வளரும் சிறுமி ஓராண்டிலேயே அதைவிட அதிகமாக எடை கூடுவது முற்றிலும் இயல்பு. சென்ற ஆண்டு 46 கிலோவில் மாவட்டப் பதக்கம் வென்றவர் இந்த ஆண்டு 48 கிலோவில் நிற்கிறார் என்றால், அவருடைய உடல் தன் கால அட்டவணைப்படி நடந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள். ஆனால் பயிற்சிக்கூடத்தில் அது ‘எடை போட்டுவிட்டது’ என்றே பதிவாகிறது. பழைய பிரிவில் வெற்றி உறுதி, மேல்பிரிவில் எதிராளி பெரியவள் என்ற கணக்கும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

எடைப்பிரிவு இல்லாத விளையாட்டுகளிலும் இதே அழுத்தம் வேறு வடிவில் இருக்கிறது. நீண்டதூர ஓட்டத்தில் மெலிந்த உடலே வேகம் தரும் என்ற நம்பிக்கை. நீச்சலிலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் உடலை ஒட்டிய உடை. புகைப்படங்களுக்குக் கீழே வரும் கருத்துகள். இந்தியக் குடும்பங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பயிற்சியாளர் ‘இரண்டு கிலோ குறை’ என்கிறார். திருமண வீட்டில் உறவினர் ஒருவர் ‘தோள் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிட்டதே, கறுத்தும் போய்விட்டாளே’ என்கிறார். ஒரே உடலைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு குறைகளைக் கேட்கும் சிறுமி, தன் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடாக உணவைக் கருதத் தொடங்குகிறாள்.

‘நல்ல சாப்பாடு’ போதாமல் போகும் கணக்கு

இந்தப் பழக்கம் வீட்டில் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு முதன்மையான காரணம், அது பட்டினி போலத் தோன்றுவதில்லை என்பதே. 48 கிலோ எடையுள்ள, 46 கிலோ பிரிவைக் குறிவைக்கும் 15 வயது மல்யுத்த மாணவி ஒருவரின் ஒரு நாளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காலையில் ஒரு குவளை பால், சில பாதாம் பருப்புகள். பள்ளியில் மூன்று சப்பாத்தியும் காய்கறியும். மாலையில் ஓர் ஆப்பிள், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவில் நெய் தடவாத இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, சிறிது தயிர். மொத்தம் ஏறத்தாழ 1,300 கலோரி. இனிப்பும் வறுத்த பண்டமும் இல்லாத இந்த உணவைப் பார்க்கும் எந்தத் தாயும் ‘பொறுப்பாகச் சாப்பிடுகிறாள்’ என்றே நிம்மதி கொள்வார்.

விளையாட்டு மருத்துவத்தின் கணக்கு வேறு விதமானது. உட்கொண்ட ஆற்றலிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிஞ்சுவது உடலின் மற்ற வேலைகளுக்குப் போதுமா என்று அது கேட்கிறது. இதயம் துடிக்கவும், எலும்பு வளரவும், மாதவிடாய்ச் சுழற்சி நடக்கவும், நோயை எதிர்க்கவும் கிடைப்பது அந்த மிச்சம் மட்டுமே. எடுத்துக்காட்டு மாணவி இரு வேளைப் பயிற்சியில் 600 கலோரி செலவழிக்கிறார் என வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 700. அவருடைய எடையில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு எனக் கொண்டால், கொழுப்பு நீங்கிய உடல் எடை ஏறத்தாழ 38 கிலோ. 700-ஐ 38 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 18 கலோரி கிடைக்கிறது. உடல் இயல்பாக இயங்க இந்த எண் 45 அளவில் இருப்பது நல்லது என்றும், 30-க்குக் கீழே சென்றால் பாதிப்புக்கான வாய்ப்பு கூடுகிறது என்றும் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

இந்த எண்கள் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் ஆன் லூக்ஸ் நடத்திய ஆய்வுகளிலிருந்து பரவலானவை. இளம் பெண்களுக்கு வெறும் ஐந்து நாள்கள் ஆற்றலைக் குறைத்துக் கொடுத்தபோதே, 30 கலோரி என்ற அளவுக்குக் கீழே மாதவிடாயை இயக்கும் மூளைச் சுரப்பின் தாளம் குலைந்தது. ஐந்து நாள் என்பது ஒரு போட்டிக்கு முந்தைய ‘டயட்’ காலத்தைவிடக் குறைவு. ஆய்வில் பங்கேற்றவர்கள் வளர்ச்சி முடிந்தவர்கள் என்பதால், வளரும் சிறுமிகளுக்கு 30 என்ற எண்ணைப் பாதுகாப்பான எல்லையாக எடுத்துக்கொள்ள இயலாது. ஒவ்வொருவருக்கும் இது மாறுபடும் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

45 என்ற அளவை எட்ட, அதே மாணவிக்குப் பயிற்சிச் செலவையும் சேர்த்து நாளொன்றுக்கு 2,300 கலோரி தேவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 13 முதல் 15 வயதுச் சிறுமிகளுக்குப் பரிந்துரைக்கும் 2,400 கலோரிக்கு இது நெருக்கமானதே. ஆக, பொறுப்பான சாப்பாடாகத் தோன்றியதில் நாள்தோறும் 1,000 கலோரி பற்றாக்குறை இருந்திருக்கிறது.

2014 முதல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த நிலையை விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை என்ற பெயரில் தனிநோய்க்குறியாக வகைப்படுத்தி வருகிறது; 2023இல் அதன் வழிகாட்டுதல் புதுப்பிக்கப்பட்டது. உணவுக்கோளாறு எனும் மனநோய் இல்லாமலே, பயிற்சி கூடியும் உணவு கூடாமலும் போனாலே இது நேரக்கூடும்.

முதலில் நிற்பது மாதவிடாய்

ஆற்றல் குறையும்போது உடல் செலவைச் சுருக்குகிறது. உடனடி உயிர்வாழ்வுக்குத் தேவைப்படாத இனப்பெருக்கச் செயல்பாடு முதலில் நிறுத்தப்படுகிறது. தொடர்ந்து மூன்று மாதங்கள் மாதவிடாய் வராமல் இருப்பதும், 15 வயதாகியும் பருவமடையாமல் இருப்பதும் மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள். ஆனால் விளையாட்டு உலகில் ‘கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான்’ என்ற சமாதானம் நெடுங்காலமாக நிலவுகிறது. போட்டி நாளில் தொந்தரவு இல்லை என்று சிறுமிகளும் மகிழ்ந்துவிடுகிறார்கள். பிற காரணங்களுக்காக ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு மாதந்தோறும் வரும் இரத்தப்போக்கு மாத்திரையின் விளைவு என்பதால், அதைக்கொண்டு உடல் சீராக இருக்கிறது என முடிவுசெய்ய இயலாது.

மாதவிடாய் நிற்பதன் பின்னே ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது எலும்பைக் காக்கும் சுரப்பு. உயரம் மிக வேகமாகக் கூடும் பருவத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில், முழு வளர்ச்சியடைந்த எலும்புத் திணிவின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. 20 வயதுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அந்தச் சேமிப்புக் காலத்தில் ஏற்படும் இழப்பைப் பின்னாளில் முழுமையாக ஈடுசெய்வது கடினம். கீழ்க்காலின் முன்னெலும்பிலோ பாதத்திலோ குறிப்பிட்ட ஓரிடத்தில் தொட்டால் வலிப்பதும், ஓட ஓட வலி கூடி ஓய்வில் தணிவதும் எலும்பில் அழுத்த முறிவு உருவாகிறது என்பதைக் காட்டக்கூடும். இத்தகைய முறிவு இரண்டாம் முறை வந்தால் காலணியையும் தரையையும் மட்டும் குறைசொல்வது போதாது. உணவையும் மாதவிடாயையும் பற்றி விசாரிக்கவேண்டும்.

இந்தியச் சூழலில் இரும்புச்சத்துக் குறைவு இதை மேலும் சிக்கலாக்குகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஏற்கெனவே இரும்பு குறைந்தவர் உணவையும் குறைக்கும்போது மூச்சு வாங்குகிறது, வேகம் தளர்கிறது. அதைப் பயிற்சியாளர் ‘எடை கூடியதால் மந்தமாகிவிட்டாள்’ எனப் புரிந்துகொண்டால், நோயை வளர்க்கும் மருந்தையே மீண்டும் எழுதித் தருகிறார்.

பெற்றோரை மிகவும் குழப்புவது தொடக்க வெற்றிதான். உணவைக் குறைத்த முதல் சில வாரங்களில் ஓட்ட நேரம் குறைவதும், பாராட்டு குவிவதும் உண்டு. சில மாதங்கள் கழித்து அடிக்கடி சளி, தூக்கமின்மை, எரிச்சல், எப்போதும் குளிரும் கைகள், ஆறாத காயம் என்று வரும்போது, அதற்கும் அந்த ‘வெற்றிகரமான’ உணவுமுறைக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

கடைசி இரண்டு கிலோ

மேலே கண்டது மெதுவான குறைப்பு. போட்டிக்கு முந்தைய இரண்டு நாள்களில் நடப்பது முற்றிலும் வேறு. அப்போது இறங்குவது பெரும்பாலும் நீர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிதாகத் தோன்றுகிறது. நீர் அருந்தாமை, காற்றுப்புகாத பிளாஸ்டிக் உடையில் ஓடுதல், எச்சிலைத் துப்பிக்கொண்டே இருத்தல் ஆகியன வழிகள். சிலர் மலமிளக்கிகளையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளையும் நாடுகிறார்கள். பின்னது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் உள்ளது என்பதைச் சிறுமிகளில் பலர் அறியமாட்டார்கள்.

1997இன் இறுதியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள், இத்தகைய நீர்க்குறைப்பின்போது உயிரிழந்தனர். அதன்பின் அங்கு விதிகள் மாற்றப்பட்டன. பின்னர் பள்ளிகளுக்கும் அவை விரிவடைந்தன. பருவத் தொடக்கத்தில் சிறுநீரைச் சோதித்து உடலில் நீர் போதிய அளவு உள்ளதை உறுதிசெய்து, உடல் கொழுப்பை அளந்து, அந்த மாணவி இறங்கக்கூடிய மிகக்குறைந்த பிரிவைத் தீர்மானிக்கிறார்கள். பள்ளி மாணவிகளுக்குக் கொழுப்பு 12 விழுக்காட்டுக்குக் கீழே போகாதவாறு வரம்பு வைக்கப்படுகிறது. வாரத்துக்கு எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கவும் கூடாது. 48 கிலோ மாணவிக்கு இது வாரத்துக்கு முக்கால் கிலோவைத் தாண்டாது. போட்டி நாளின் எடை பரிசோதனை ‘வரம்புக்குள் இருக்கிறாரா’ என்று மட்டுமே கேட்கிறது. அமெரிக்க முறை ‘அங்கே எப்படி வந்தார்’ என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. இந்தியப் பள்ளி விளையாட்டு அமைப்புகள் பின்பற்றத் தக்க முறை இது. அதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் கருவி எதுவும் தேவையில்லை.

பேச்சை எங்கே தொடங்குவது

உண்மை தெரிந்ததும் பெற்றோரிடம் எழும் முதல் எதிர்வினை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது. ‘நாளையிலிருந்து பயிற்சி கிடையாது’ என்பது ஒன்று. தட்டின் முன் உட்காரவைத்து ‘இதை முடித்தால்தான் எழுந்திருக்கலாம்’ என்பது மற்றொன்று. இரண்டுமே சிறுமியை மறைக்கக் கற்றுத்தருகின்றன. விளையாட்டு பறிபோகும் என அஞ்சுபவள் கால்வலியைச் சொல்லமாட்டாள். உணவு மேசை விசாரணைக்கூடமானால் ‘பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டேன்’ என்பாள்.

உணவு வேளையைத் தவிர்த்து, நடைப்பயிற்சியிலோ வண்டிப் பயணத்திலோ, நேருக்குநேர் முகம் பார்க்க வேண்டாத நேரத்தில் பேசுவது எளிது. எடையைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ தொடங்காமல், கண்டதைச் சொல்வதே பலன் தருகிறது. ‘எலும்பும் தோலுமாகிவிட்டாய்’ என்ற சொல் அக்கறையிலிருந்து பிறந்தாலும், மெலிவைச் சாதனையாகக் கருதும் சிறுமிக்கு அது பாராட்டாகவே கேட்கக்கூடும். மாறாக, ‘இரண்டு வாரமாகப் பயிற்சி முடிந்து வந்ததும் படுத்துவிடுகிறாய். காலில் வலி ஏதும் இருக்கிறதாம்மா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இயலும். ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் வாதிடத் தேவையில்லை. ‘சரி. மூன்று மாதமாக நாள் தள்ளிப்போயிருக்கிறது, அதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிடலாம்’ என்று அடுத்த படியைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை; ஒரே நாளில் முடியவேண்டியதும் இல்லை.

மாதவிடாயைப் பற்றித் தந்தையரும் ஆண் பயிற்சியாளர்களும் பேசத் தயங்குவது இயல்பாகவே இருந்துவந்துள்ளது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு, அது தமது மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும் சோர்வாக உணர்ந்ததாகவும் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். அந்தச் செய்தியைச் சுட்டியே வீட்டில் பேச்சைத் தொடங்க முடியும்.

உணவைப் பொறுத்தவரை, தட்டைப் பெரிதாக்குவதைவிட இடைவெளிகளை நிரப்புவது அமைதியான வழி. மேற்கண்ட மாணவிக்குப் பயிற்சி முடிந்த அரைமணி நேரத்துக்குள் ஒரு பெரிய குவளைப் பாலும் இரண்டு வாழைப்பழங்களும் 400 கலோரி தரும். காலையில் வெல்லம் கரைத்த சத்து மாவுப் பானம் 250. இரவில் இரண்டு முட்டை அல்லது சிறிது பனீர் 150. சப்பாத்தியில் மீண்டும் நெய் 100. கூடுதலாக ஒரு சப்பாத்தி 100. ஆயிரம் கலோரிப் பள்ளம் இவ்வளவில் நிரம்பிவிடுகிறது. இந்த எண்களைப் பெற்றோர் தம்மளவில் வைத்துக்கொள்வது நல்லது. கலோரியை எண்ணத் தொடங்கிவிட்ட சிறுமிக்கு இன்னோர் எண் தேவையில்லை. வீட்டின் எடைக் கருவி கண்ணில் படாத இடத்துக்குப் போவதும், பெற்றோர் தம் சொந்த வயிற்றையும் எடையையும் பற்றி உணவு வேளையில் குறைபட்டுக்கொள்வதை நிறுத்துவதும் செலவில்லாத மாற்றங்கள்.

பயிற்சியாளரிடம் தனியே, மாணவி இல்லாதபோது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஆண்டு எந்தப் பிரிவு, அதை யார், எந்த அளவீட்டின்படி முடிவுசெய்தார்? 48 கிலோ மாணவி 49 கிலோ பிரிவில் பட்டினியின்றி ஆடலாம். முதல் ஆண்டு பதக்கம் தவறக்கூடும். அந்த இழப்பைக் குடும்பம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருந்தால்தான் மகளிடம் அமைதியாகப் பேச இயலும். பதக்கத்தையும் அதனுடன் வரும் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்தையும் வீடே எண்ணிக்கொண்டிருந்தால் எந்த மென்மையான சொல்லும் நம்பகமாக ஒலிக்காது.

மருத்துவரிடம் செல்லும்போது மாதவிடாய் வந்த தேதிகள், கடந்த ஓராண்டுக் காயங்கள், பயிற்சி நேரம் ஆகியவற்றை எழுதி எடுத்துச்சென்றால் பாதி வேலை முடிந்துவிடும். இரத்தசோகை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய சோதனைகளும், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்ப்பதும் வழக்கமான தொடக்கம். மாதவிடாய் நிற்பதற்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளிட்ட வேறு காரணங்களும் இருப்பதால், உணவே காரணம் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட வேண்டாம். முறிவு ஏற்பட்டவர்களுக்கு எலும்பு அடர்த்திச் சோதனையும் பரிந்துரைக்கப்படலாம்.

சில நிலைகளில் காத்திருக்கக் கூடாது. மயங்கி விழுதல், விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருத்தல், உண்டதை வாந்தியெடுக்கும் வழக்கம், உணவையும் நீரையும் அறவே மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வாழவே விருப்பமில்லை என்ற பேச்சும் அப்படியே. மத்திய அரசின் டெலி மனஸ் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கிடைக்கிறது. பெற்றோரும் அதில் ஆலோசனை கேட்கலாம்.

சிகிச்சையின் முதன்மையான பகுதி உணவைக் கூட்டுவதும் பயிற்சியைத் தற்காலிகமாகக் குறைப்பதுமே. உடலில் ஆற்றல் சேர்ந்தது சில நாள்கள், வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். மாதவிடாய் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். எலும்பு அடர்த்தி மீள ஆண்டுக்கணக்கு ஆகும்; சிலருக்கு அது முழுமையாக மீளாமலும் போகலாம். அதனால்தான், பழைய வேகம் திரும்பிவிட்டதே என்று முழுப் பயிற்சிக்கு அனுமதிக்குமுன் மாதவிடாய் சீரானதா என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள்.